டிபிஎஃப் விளக்கு எரிந்தால்: பக்கத்துக் கடைக்கே போய் வரும் டீசல் காரில் நடப்பது என்ன?

மதுரையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் போன வருஷம் ஒரு நாள் போன் செய்தார். "மாப்ள, மீட்டர்ல சைலன்சர் மாதிரி ஒரு படம் எரியுது, உள்ள புள்ளி புள்ளியா இருக்கு. வண்டி நல்லாத்தான் ஓடுது. அப்படியே ஓட்டலாமா?"

"மாமா, கடைக்குப் போக வரத்தான வண்டிய எடுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா, வேற எங்க போறேன்?"

அவர் வீட்டிலிருந்து கடை 3 கிலோமீட்டர். காலையில் போய், மதியம் சாப்பிட வந்து, மறுபடி போய், இரவு திரும்புவார். நெரிசலில் ஒவ்வொரு நடைக்கும் 12 நிமிஷம் ஆகும். எரிந்தது டிபிஎஃப் விளக்கு, டிபிஎஃப் என்பது டீசல் புகையில் வரும் கரியைப் பிடிக்கும் வடிகட்டி. அது அடைத்துக்கொள்ள இதைவிடத் தோதான ஓட்டம் கிடையாது. அவர் வண்டியை வைத்தே இதை விளக்குகிறேன். உங்கள் வண்டியிலும் அந்த விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

டிபிஎஃப் உள்ளே என்ன இருக்கிறது

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி வந்தபிறகு விற்ற டீசல் கார்களில் புகை வெளியேறும் பாதையில் இந்த வடிகட்டி இருக்கும். உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான் கட்டி ஒன்று. அதில் நீளவாக்கில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஓடும். ஒவ்வொரு குழாயும் ஒரு முட்டுச்சந்து. ஒரு குழாய்க்கு முன்பக்கம் அடைத்திருந்தால் அதன் பக்கத்துக் குழாய்க்குப் பின்பக்கம் அடைத்திருக்கும். உள்ளே வந்த புகைக்கு வேறு வழியில்லாததால், சுவரில் இருக்கும் நுண்துளைகள் வழியாகப் பக்கத்துக் குழாய்க்குள் புகுந்துதான் வெளியேற வேண்டும். அப்படிப் போகும்போது கரி சுவரிலேயே தங்கிவிடும்.

தங்கிய கரியை அப்புறப்படுத்தத் தனியாக ஒரு வழி வேண்டும் அல்லவா? அதை அங்கேயே எரிப்பதுதான் ரீஜெனரேஷன். ஒர்க்‌ஷாப்பில் சுருக்கமாக ரீஜென் என்பார்கள்.

இது இரண்டு விதமாக நடக்கும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது புகையே நல்ல சூட்டில் வரும். 250 முதல் 400 டிகிரி செல்சியஸ் சூட்டில், புகையில் இருக்கும் நைட்ரஜன் டைஆக்சைடு கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருக்கும். நமக்கு ஒன்றும் தெரியாது. ஊருக்குள் ஊர்ந்து போகும்போது இந்தச் சூடு வராது. அப்போது கரி சேர்ந்துகொண்டே போகும்.

டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்த வித்தியாசத்தை ஒரு சென்சார் அளக்கும். அதையும், வண்டி ஓடிய விதத்தையும் வைத்து எவ்வளவு கரி சேர்ந்திருக்கும் என்று வண்டியின் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். ஓர் அளவைத் தாண்டினால் அதுவே ரீஜெனை ஆரம்பிக்கும். பெரும்பாலான கார்களில் இது நடக்கும் முறை இதுதான்: சிலிண்டரில் வழக்கமாக எரிய வேண்டிய டீசல் எரிந்து முடிந்தபிறகு, இன்னும் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். அது எரியாமல் புகையோடு வெளியேறி, டிபிஎஃப்புக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்டில் எரியும். டிபிஎஃப்புக்குள் சூடு ஏறக்குறைய 600 டிகிரிக்குப் போகும். கரி எரிந்துவிடும். முடிய 10 முதல் 20 நிமிஷம் பிடிக்கும்.

12 நிமிஷத்தில் ஏன் முடியாது

மாமாவின் வண்டியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜின். ரீஜென் ஆரம்பிக்க இன்ஜின் சூடாக வேண்டும், அதற்கே ஏழெட்டு நிமிஷம் போய்விடும். அதுவரை கம்ப்யூட்டர் காத்திருக்கும். பிறகு ஆரம்பித்து, மூன்று நான்கு நிமிஷம் டீசலைத் தெளித்துக் கேட்டலிஸ்டைச் சூடாக்கும்போதே கடை வந்துவிடும். சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். கரி எரியத் தொடங்கும் முன்பே சூடு இறங்கிவிடும். மதியம் வண்டி எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நாளைக்கு நான்கு முறை ஆரம்பித்து ஒரு முறைகூட முடியாத வேலை இது.

கரி போகாததோடு நின்றால்கூடப் பரவாயில்லை. தாமதமாகத் தெளிக்கும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். ரீஜென் ஒவ்வொரு முறை பாதியில் நிற்கும்போதும் கொஞ்சம் டீசல் இப்படி வீணாக ஆயிலோடு கலந்துவிடும். டீசல் சுலபத்தில் ஆவியாகாது, அதனால் உள்ளேயே தங்கும். டிபிஎஃப் விளக்கைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. எனக்கு விளக்கைவிட இதுதான் கவலை.

முதலில் டிப்ஸ்டிக்கை எடுங்கள்

விளக்கு எரிந்ததும் ஹைவேக்கு ஓடாதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கும் நடுவே இருந்தால் நல்லது. ஆயில் ஊற்றாமலே மேல் குறியைத் தாண்டி நின்றால் டீசல் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாமாவின் வண்டியில் மேல் குறிக்கு மேலே அரை விரல் அளவு ஏறியிருந்தது. ஒரு சொட்டை விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஆயிலுக்குரிய பிசுபிசுப்பு குறைந்து, தண்ணீராக வழுக்கியது. மூக்கருகே கொண்டுபோனால் பங்க் வாசனை. "போன சர்வீஸ்ல சரியாத்தான் ஊத்துனாங்க" என்றார் மாமா. ஊற்றியது சரிதான், கூடியிருப்பது டீசல்.

இந்த நிலையில் ஆயிலை மாற்றிவிட்டுத்தான் வேகமாக ஓட்ட வேண்டும். நீர்த்துப்போன ஆயில் டர்போவையும் பேரிங்கையும் காப்பாற்றாது. அளவு மிகவும் கூடினால் ஆயில் காற்றோட்டக் குழாய் வழியாக இன்ஜினுக்குள்ளேயே போய் எரியவும் வாய்ப்புண்டு. புது ஆயில் உங்கள் கையேட்டில் சொன்ன வகையாகவே இருக்க வேண்டும், டிபிஎஃப் வண்டிக்கென்று சாம்பல் குறைவாக வரும் ஆயில் தனியாக உண்டு. அதன் காரணம் கீழே வருகிறது.

பிறகு ஹைவே

டேங்கில் கால் பங்குக்கு மேல் டீசல் இருக்கட்டும். எரிபொருள் குறைவாக இருந்தால் பல வண்டிகள் ரீஜெனை ஆரம்பிக்காது. வேறு மஞ்சள் விளக்கு, முக்கியமாக இன்ஜின் விளக்கு, எரியக் கூடாது.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமை காலை திருமங்கலம் வழியாக விருதுநகர் பக்கம் போனோம். ஊரைத் தாண்டும்வரை சாதாரணமாக ஓட்டி இன்ஜினைச் சூடாக்கினோம். நான்குவழிச் சாலைக்கு வந்ததும் 70 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கியர் குறைத்து, 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள் வைத்துக்கொண்டோம். விரட்டி ஓட்ட வேண்டியதில்லை, சீராக ஓடினால் போதும். உங்கள் வண்டிக்கு எந்த வேகம் என்று கையேட்டில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

ரீஜென் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? பல வண்டிகள் சொல்லாது. ஆனால் கவனித்தால் தெரியும். உடனடி மைலேஜ் காட்டும் எண் திடீரென்று விழும். சிக்னலில் நின்றால் ஐடிலிங் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும், தானாக அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது. வண்டியை நிறுத்தி அணைத்தபிறகும் ரேடியேட்டர் விசிறி பெரிய சத்தத்தோடு சுற்றும், அடியிலிருந்து சூடான உலோக வாசனை வரும். இந்த அறிகுறிகளை வீட்டு வாசலில் கண்டால் அணைக்காதீர்கள். தெருவைச் சுற்றிவிட்டு, முடிந்தால் பக்கத்துப் பெரிய சாலையில் இன்னொரு 15 நிமிஷம் ஓட்டுங்கள். அன்றைக்கு மாமா வண்டியில் மைலேஜ் எண் விழுந்து, பதினெட்டாவது நிமிஷம் பழைய நிலைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கும் அணைந்தது.

ஒரு எச்சரிக்கை. அந்த நேரத்தில் சைலன்சர் பக்கம் கடும் சூடாக இருக்கும். சாலையோரம் வைக்கோலோ காய்ந்த புல்லோ கிடக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். அறுவடை நாட்களில் நம் ஊர்ச் சாலைகளில் இது நிஜமான ஆபத்து.

விளக்கு அணையாவிட்டால்

அரை மணி நேரம் ஓட்டியும் அணையவில்லை, அல்லது இன்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்து வண்டி இழுவை குறைந்துவிட்டது என்றால் இனி நீங்களே முயல வேண்டாம். கரி அளவு மீறிச் சேர்ந்திருக்கும்போது ஒரேயடியாக எரிந்தால் சூடு கட்டுக்கடங்காமல் ஏறிப் பீங்கான் விரிசல் விடும், உருகியும் போகும். அதனால்தான் ஓர் எல்லைக்கு மேல் வண்டி தானாக ரீஜென் செய்ய மறுக்கும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்து, வண்டியை நிறுத்தி வைத்தபடி கட்டாய ரீஜென் செய்வார்கள். கரி மிக அதிகமென்றால் அதையும் செய்ய மாட்டார்கள், கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

போகும்போது ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீட்டைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். `P2463` என்றால் கரி சேர்ந்து அடைத்திருக்கிறது. `P242F` என்றால் சாம்பல் சேர்ந்திருக்கிறது, இது வேறு கதை. இன்ஜின் ஆயில் கொஞ்சம் எரியும்போது அதில் கலந்த உலோகச் சேர்மங்கள் சாம்பலாக மாறி டிபிஎஃப்பில் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. எத்தனை ரீஜென் செய்தாலும் அது போகாது, டிபிஎஃப்பைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். ஆயில் வகையில் நான் கறார் காட்டுவது இதனால்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "கரி ஏன் இவ்வளவு வேகமாகச் சேர்ந்தது?" நெடுந்தூரம் ஓடும் வண்டியில் டிபிஎஃப் அடைத்தால் ஓட்டத்தில் தப்பு இருக்காது. இன்ஜெக்டர் ஒழுகலாம், இஜிஆர் வால்வு சிக்கியிருக்கலாம், டர்போவிலிருந்து வரும் ரப்பர்க் குழாய் கிழிந்திருக்கலாம். அழுத்த சென்சாருக்குப் போகும் சின்னக் குழாய் விரிசல் விட்டிருந்தாலே கணக்கு முழுவதும் தப்பாகிவிடும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கட்டாய ரீஜென் மட்டும் செய்தால் சில வாரத்தில் விளக்கு திரும்ப வரும்.

டிஇஎஃப் ஊற்றினால் சரியாகுமா என்று மாமா கேட்டார். ஆகாது. அந்த யூரியாக் கரைசல் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கும் வேறொரு அமைப்புக்கு, டிபிஎஃப் கரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாமா இப்போது கடைக்கு ஸ்கூட்டரில் போகிறார். கார் ஞாயிறுகளில் மட்டும், அக்காவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடுகிறது. மாதம் ஒரு முறை டிப்ஸ்டிக்கைப் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். ஆயில் இதுவரை மேல் குறியைத் தாண்டவில்லை.