ஐட்டம்வாரி வரியும் மொத்த பில் வரியும் ஒத்துப்போகாதபோது செய்யக்கூடாத தவறுகள்

பில்லில் பத்து ஐட்டம். ஒவ்வொன்றும் விலை 10.07, வரி 8 சதவீதம். ஒரு ஐட்டத்துக்கு வரி 0.8056 வரும். இரண்டு தசம இடத்துக்கு ரவுண்டு செய்தால் 0.81. பத்துக்கும் சேர்த்து 8.10. இதையே மொத்தத்தில் போட்டால் 100.70-க்கு 8 சதவீதம் 8.056, அதாவது 8.06. இரண்டு கணக்கிலும் பிழை இல்லை, ஆனாலும் 0.04 இடிக்கிறது.

ஒவ்வொரு ரவுண்டிங்கும் அதிகபட்சம் 0.005 வரை கூட்டவோ குறைக்கவோ செய்யும். இங்கே ஒவ்வொரு ஐட்டத்திலும் 0.0044 கூடுகிறது. பத்து முறை கூடியதில் 0.044 சேர்ந்துவிட்டது. விலைகள் வேறுவேறாக இருந்தால் சிலது கூடும், சிலது குறையும், பெரும்பாலும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். ஒரே விலையில் நிறைய ஐட்டம் உள்ள பில்லில்தான் எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது. பத்து ஐட்டம் உள்ள, ஒரே வரி விகிதப் பில்லில் வித்தியாசம் 0.05-ஐத் தாண்டினால் அதற்கு ரவுண்டிங் காரணமல்ல. விகிதத்திலோ தள்ளுபடியிலோ பிழை தேடுங்கள்.

அதிகம் நடக்கும் தவறு எக்செல்லில். செல்லின் ஃபார்மட்டை இரண்டு தசமத்துக்கு மாற்றிவிட்டு, ரவுண்டு ஆகிவிட்டது என்று நம்புவது. கண்ணுக்கு 0.81 தெரியும், செல்லுக்குள் 0.8056 அப்படியே இருக்கும். கீழே SUM போட்டால் 8.06 என்று காட்டும். பில்லை வாங்கியவர் அச்சில் உள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தால் 8.10 வரும், உடனே கேள்வியும் வரும். எந்த முறை வேண்டுமோ அதை ஃபார்முலாவிலேயே சொல்லிவிடுங்கள். விலைகள் C2 முதல் C11 வரை இருந்தால், முதலாவது ஐட்டம்வாரி, இரண்டாவது மொத்தத்தில்:

```
=SUMPRODUCT(ROUND(C2:C11*0.08,2))
=ROUND(SUM(C2:C11)*0.08,2)
```

எண்ணிக்கையிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஐட்டம்வாரி முறையில், பத்து எண்ணத்தை ஒரே ஐட்டமாகப் போட்டால் வரி 8.06, தனித்தனியாக அடித்தால் 8.10. பொருளும் விலையும் ஒன்றுதான், அடித்த விதம்தான் வேறு. ஒரு எண்ணத்துக்கான வரியை முதலில் ரவுண்டு செய்து எண்ணிக்கையால் பெருக்குவது இன்னும் மோசம். ஆயிரம் எண்ணத்துக்கு அது 4.40 வித்தியாசமாக வளர்ந்துவிடும். பெருக்கல் முழுவதும் முடிந்த பிறகே ரவுண்டு செய்ய வேண்டும்.

மொத்தத்தில் கணக்கிட்டாலும் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் வரியை அச்சிட்டாக வேண்டும் என்றால், 8.06-ஐப் பங்கிட்டுக் கொடுக்கலாம். முதலில் எல்லாவற்றையும் கீழ்நோக்கி வெட்டினால் பத்துக்கும் 0.80, மொத்தம் 8.00. மீதி 0.06-ஐ, வெட்டுப்பட்ட பகுதி அதிகமுள்ள ஐட்டங்களுக்கு 0.01 வீதம் கொடுக்க வேண்டும். இங்கே எல்லாம் சமம் என்பதால் வரிசைப்படி முதல் ஆறுக்கு 0.81, மற்ற நான்குக்கு 0.80. இப்போது கூட்டினால் சரியாக 8.06. வித்தியாசம் முழுவதையும் கடைசி ஐட்டத்தில் தள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. இந்தப் பில்லில் அப்படிச் செய்தால் கடைசி ஐட்டத்தின் வரி 0.77 ஆகிவிடும். அதை யாரிடமும் விளக்க முடியாது.

பில்லில் பல வரி விகிதங்கள் கலந்திருந்தால் 'மொத்தம்' என்பது ஒவ்வொரு விகிதத்தின் மொத்தம். விகிதவாரியாகக் கூட்டி, வரி போட்டு, அங்கேயே ரவுண்டு செய்ய வேண்டும். ஐரோப்பாவின் மின் இன்வாய்ஸ் தரமான EN 16931 இப்படித்தான் கேட்கிறது. உங்களுக்குப் பொருந்தும் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று பார்த்து ஒரு முறையைத் தேர்ந்தெடுங்கள். பில் அடிக்கும் மென்பொருள் ஒரு முறையிலும் கணக்குப் புத்தகம் இன்னொரு முறையிலும் ஓடினால் மாதக் கடைசியில் இரண்டும் பொருந்தாது.

பலரும் கவனிக்காத இடம், சரக்கு திரும்பி வருவது. மொத்தத்தில் 8.06 வசூலித்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பும்போது ஒவ்வொரு கிரெடிட் நோட்டிலும் 0.81 கொடுத்தால், பத்தும் திரும்பியதும் 8.10 கொடுத்திருப்போம், வாங்காத 0.04-ஐத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். திரும்பிய பொருளுக்குத் தனியாக வரி போடாமல், மிச்சமிருக்கும் பொருளுக்குப் போடுங்கள். ஒன்று திரும்பினால் மீதி 90.63, அதற்கு வரி 7.25, 8.06-இல் அதைக் கழித்தால் 0.81. அடுத்தது திரும்பினால் மீதி வரி 6.44, மறுபடி 0.81. மூன்றாவதில் மீதி வரி 5.64, இந்தமுறை திருப்ப வேண்டியது 0.80. கடைசிப் பொருள் வந்து சேரும்போது மிச்ச வரி பூஜ்யமாகிவிடும், திருப்பிய மொத்தம் 8.06 ஆக நிற்கும்.