சார்ஜர் போனைக் கெடுத்துவிட்டதா? சார்ஜரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

என் தங்கை இணையத்தில் 649 ரூபாய்க்கு ஒரு சார்ஜர் வாங்கினாள். நான்காம் நாள் இரவு அதில் செருகியிருந்த போன் அணைந்துவிட்டது. கேபிள் செருகும் துளையருகே கருகல் வாடை. போனின் விலை 18,499 ரூபாய், வாங்கி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மறுநாள் காலையில் கணவரின் போனை வாங்கி, சார்ஜரைத் திருப்பி அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனாள். நல்லவேளையாக அதற்கு முன் என்னை அழைத்தாள். அழுத்தியிருந்தால் 649 ரூபாய் கைக்கு வந்திருக்கும். போனைக் கெடுத்தது எது என்று காட்ட இருந்த ஒரே பொருள் கூரியர்காரரோடு போயிருக்கும்.

இங்கே இரண்டு தனித்தனி உரிமைகள் இருக்கின்றன. சார்ஜரின் வாரண்டி சார்ஜருக்கு மட்டும்தான். மாற்றித் தருவார்கள் அல்லது பணம் தருவார்கள், அதோடு சரி. கெட்டுப்போன போனுக்கு ஈடு கேட்பது வேறு வழி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ‘பொருள் பொறுப்பு’ என்று ஒரு தனி அத்தியாயம் உண்டு. குறைபாடுள்ள ஒரு பொருள் உங்களுடைய வேறொரு சொத்தைச் சேதப்படுத்தினால், தயாரித்தவரிடமும், சில சூழல்களில் விற்றவரிடமும் ஈடு கேட்கலாம் என்கிறது அது. அந்தப் பொருளுக்கே நேர்ந்த சேதம் அந்தக் கணக்கில் வராது. ஆகவே நமக்குச் சார்ஜர்தான் குற்றவாளி, போன்தான் சேதம். குற்றவாளியைக் கைவிட்டுவிட்டு வழக்காட முடியாது.

போனோடு பெட்டியிலேயே வந்த சார்ஜர் என்றால் வேலை எளிது. இரண்டும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பு என்பதால் நேராகப் போனின் சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். இனி வருவது தனியாக வாங்கிய சார்ஜருக்கான வழி.

முதல் வேலை: தொடாமல் படம் எடுப்பது

சுவரில் உள்ள சுவிட்சை அணைத்த பிறகுதான் சார்ஜரைக் கழற்ற வேண்டும். போன் உப்பியிருந்தாலோ சூடாக இருந்தாலோ மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்கக் கூடாது. எரியாத தரையில் தனியாக வைத்துவிடுங்கள். சார்ஜர், கேபிள், போன் மூன்றையும் அந்த இடத்திலேயே வேறொரு போனால் படம் எடுங்கள். கருகிய இடம், கேபிளின் இரு முனைகள், சார்ஜரின் அடியில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படம் வேண்டும். கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ‘பழுது எங்கள் சார்ஜரில் இல்லை, உங்கள் கேபிளில்’ என்பதுதான் எதிர்த் தரப்பின் முதல் பதிலாக இருக்கும்.

அடுத்த பதில் ‘மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும்’ என்பது. அதனால் அதே பலகையில் அப்போது வேறு என்ன செருகியிருந்தது, அதற்கு ஏதாவது ஆனதா என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். தங்கை வீட்டில் பக்கத்து சாக்கெட்டில் இருந்த வைஃபை கருவி சிறிதும் கெடவில்லை. அந்த ஒரு வரி பின்னால் மிகவும் உதவியது.

சார்ஜரில் R- என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். போன் சார்ஜர்கள் இந்தியாவில் மத்திய அரசின் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பதிவு இல்லாமல் விற்கப்படக் கூடாது; அந்தப் பதிவு எண்தான் அது. BIS Care என்ற செயலியில் எண்ணைக் கொடுத்தால் எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கு அது தரப்பட்டது என்று தெரியும். எண்ணே இல்லை, அல்லது வேறொரு பொருளின் பெயர் வருகிறது என்றால் அந்தத் திரையைப் படம் பிடித்து வையுங்கள். உங்கள் வாதத்தில் பாதி அங்கேயே முடிந்தது.

அதே நாளில் விற்பனைப் பக்கத்தையும் சேமியுங்கள்: விற்பவர் பெயர், முகவரி, தயாரிப்பாளர் பெயர், வாரண்டி வாசகம். அந்தப் பக்கம் நாளைக்கு மாறலாம், காணாமலும் போகலாம். இரண்டு பில்லையும் பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள். போன் உயிரோடு இல்லாவிட்டாலும் அதன் ஐஎம்இஐ எண் பெட்டியில் இருக்கும்.

இரண்டாவது: சர்வீஸ் சென்டரின் எழுத்து

தெருமுனைக் கடையில் போனைத் திறக்க விடாதீர்கள். திறந்த போனைக் காட்டினால் ‘வெளியாள் கை வைத்தது’ என்று எல்லாக் கதவும் மூடிவிடும். நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கே கொண்டுபோங்கள். கொடுப்பதற்கு முன் சிம் தட்டை வெளியே எடுத்து, உள்ளே டார்ச் அடித்துப் படம் எடுங்கள். பல போன்களில் அங்கே ஒரு சிறு வெள்ளைத் துண்டு இருக்கும். நீர் பட்டால் சிவந்துவிடும். அது வெள்ளையாக இருந்த படம் உங்களிடம் இருந்தால், ‘தண்ணீர் போயிருக்கிறது’ என்ற பேச்சு எடுபடாது.

தங்கையிடம் அங்கே வாய்மொழியாகச் சொன்னார்கள்: “மேடம், வேற சார்ஜர் போட்டதால போர்டு போயிருக்கு, வாரண்டி வராது.” வாரண்டி மறுக்கப்பட்டதில் அவள் சோர்ந்துவிட்டாள். உண்மையில் அவளுக்குத் தேவையான சான்று அந்த வாக்கியம்தான். அதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொன்னேன். ‘சார்ஜிங் பகுதியில் கருகல், அதிக மின்னழுத்தத்தால் மெயின்போர்டு பழுது, பிற நிறுவனச் சார்ஜர்’ என்று ஜாப் ஷீட்டில் எழுதி, 9,200 ரூபாய்க்கு எஸ்டிமேட்டும் கொடுத்தார்கள். வெறுமனே ‘டெட்’ என்று எழுதிய சீட்டை வாங்கி வராதீர்கள். காரணம் இல்லாத சீட்டால் பயன் இல்லை. பணம் கொடுத்துப் பழுது பார்ப்பதாக இருந்தால் பழைய போர்டைத் திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது: கடிதம்

விற்றவர், தயாரிப்பாளர், விற்பனைத் தளத்தின் குறைதீர் அதிகாரி மூவருக்கும் ஒரே மின்னஞ்சல் போதும். தளத்தின் அரட்டைப் பெட்டியோடு நின்றுவிடாதீர்கள். அங்கே இருப்பவருக்குத் தெரிந்தது 649 ரூபாயைத் திருப்புவது மட்டும்தான். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். தங்கை அனுப்பியதன் சாரம் இது:

“இந்த ஆர்டரில் வாங்கிய சார்ஜர் நான்காம் நாள் என் போனைச் சேதப்படுத்தியது. சர்வீஸ் சென்டர் அறிக்கையும் படங்களும் இணைப்பில் உள்ளன. பழுதுச் செலவு 9,200 ரூபாயும் சார்ஜர் விலை 649 ரூபாயும், மொத்தம் 9,849 ரூபாய் தர வேண்டும். சார்ஜர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தொழில்நுட்பர் என் முன்னிலையில் சோதிக்கலாம்.”

கோபச் சொல் எதுவும் வேண்டாம். கடைசி வாக்கியம் முக்கியம். நீங்கள் எதையும் மறைக்கவில்லை என்பதை அது காட்டுகிறது. பொருளை அனுப்பினால்தான் பேசுவோம் என்ற நிபந்தனைக்கும் அதுவே பதில். ரிட்டர்ன் நாள் முடிந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். அந்தக் கெடு தளத்தின் சொந்த ஏற்பாடு. சேதத்துக்கு ஈடு கேட்கும் உரிமை அதோடு முடிவதில்லை.

நான்காவது: 1915

ஒரு மாதத்தில் உருப்படியான பதில் வரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். இது நீதிமன்றம் அல்ல, உத்தரவு போடாது. ஆனால் புகாரை நிறுவனத்திடம் கொண்டுபோய்ப் பதில் கேட்கும். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். e-jagriti.gov.in தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம், விற்பவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும். குறைபாட்டைச் சோதனை மூலம்தான் அறிய முடியும் என்று ஆணையம் கருதினால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். அப்போது கொடுக்கச் சார்ஜர் இருக்க வேண்டும், அதுவும் யாரும் திறக்காத நிலையில்.

தங்கையின் விஷயம் அதுவரை போகவில்லை. 1915இல் பதிந்து சில வாரங்களில் 9,849 ரூபாயும் தருவதாக விற்றவர் எழுதினார், சார்ஜரை முதலில் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. பணம் கணக்கில் ஏறிய மறுநாள் அனுப்புகிறேன் என்று அவள் பதில் எழுதினாள். ஐந்து நாள் இழுத்தடித்த பிறகு பணம் வந்தது. பெட்டியை மூடுவதை வீடியோ எடுத்து, சார்ஜரை அனுப்பிவைத்தாள்.