அறிவால் வரும் வளர்ச்சி: கணக்கில் நேரும் சில தவறுகள்

சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு கூடுதல் அலகும் முன்னதைவிடக் குறைவாகவே தரும் என்ற குறைந்து செல் விளைவு விதி இயந்திரங்களுக்குப் பொருந்தும், அறிவுக்குப் பொருந்தாது என்ற கூற்று வளர்ச்சிப் பொருளாதாரத்தைப் பற்றிய கட்டுரைகளில் அடிக்கடி தென்படுகிறது. கூற்று பாதி சரி. எந்தப் பாதி சரி என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அதை எடுத்தாளும்போதுதான் தவறுகள் நுழைகின்றன.

முதல் தவறு, இயந்திரங்களின் விளைவு ஏன் குறைகிறது என்பதிலேயே நேர்கிறது. இயந்திரம் பழசாகிறது, தேய்கிறது, அதனால் பயன் குறைகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் புத்தம்புதிய இயந்திரங்களைச் சேர்த்தாலும் இதே நிலைதான் ஏற்படும். கூட்டப்படும் இயந்திரங்களை இயக்க இருப்பவர்கள் அதே உழைப்பாளர்கள் என்பதே காரணம். ஒருவருக்கு ஒரு தையல் இயந்திரம் கொடுத்தால் அவருடைய உற்பத்தி பெரிதும் கூடும். இரண்டாவது ஓரளவு உதவலாம். ஐந்தாவது பெரும்பாலும் மூடியே கிடக்கும்.

பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1956-இல் வகுத்த வளர்ச்சி மாதிரியின் எளிய வடிவத்தை எடுத்துக்கொண்டு இதை எண்களில் பார்க்கலாம். தேசிய வருமானத்தில் மூலதனத்தின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்று என்று கொள்வது பாடநூல் வழக்கம். அதன்படி, ஓர் உழைப்பாளியின் ஆண்டு உற்பத்தி, அவரிடம் உள்ள மூலதனத்தின் கனமூலமாக இருக்கும்:

```
y = k^(1/3)
```

மூலதனம் 8 அலகு என்றால் உற்பத்தி 2. மூலதனம் 27 என்றால் உற்பத்தி 3. மூலதனம் 64 என்றால் உற்பத்தி 4. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக 19 அலகு போதும். மூன்றிலிருந்து நான்குக்குப் போக 37 அலகு வேண்டும். இங்கேதான் தேய்மானம் வருகிறது, ஆனால் காரணமாக அல்ல, செலவாக. ஆண்டுக்கு 5 சதவீதம் தேய்மானம் என்று கொண்டால், மூலதனம் 8 ஆக இருக்கையில் பழுதானதை ஈடுசெய்ய 0.4 அலகு, அதாவது உற்பத்தியில் 20 சதவீதம் போகும். மூலதனம் 64 ஆகும்போது அந்தச் செலவு 3.2 அலகு, அதாவது மொத்த உற்பத்தியில் 80 சதவீதம். மூலதனம் 125 ஆனால் உற்பத்தி 5, தேய்மானம் 6.25, விளைந்ததையெல்லாம் கொட்டினாலும் இருக்கும் இயந்திரங்களைக்கூடக் காப்பாற்ற முடியாது. சேமிப்பை எவ்வளவு உயர்த்தினாலும் மூலதனக் குவிப்பு மட்டும் முடிவில்லாத வளர்ச்சியைத் தராது என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இப்போது இதே கணக்கில் உற்பத்தி முறை பற்றிய அறிவை A என்ற எழுத்தால் சேர்ப்போம்:

```
y = k^(1/3) · A^(2/3)
```

தொடக்கத்தில் A = 1, மூலதனம் 8, உற்பத்தி 2. A இரண்டாகப் பெருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூலதனம் மாறாமல் இருந்தாலே உற்பத்தி ஏறத்தாழ 3.17 ஆகிவிடும். கூடிய வருமானத்தில் பழைய விகிதமான 20 சதவீதத்தையே சேமித்து வந்தால், மூலதனம் மெல்ல வளர்ந்து 16-இல் நிற்கும். அப்போது உற்பத்தி 4. இயந்திரங்களைக் கொண்டு மட்டும் இதே 4-ஐ எட்டியபோது 80 சதவீதம் பராமரிப்புக்கே போனது, இங்கே 0.8 அலகு, அதாவது பழைய 20 சதவீதமே போதுமானதாக இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் அறிவு என்பது இயந்திரத்தைவிடத் தரமான, தேயாத ஓர் இயந்திரம் என்று முடிவுகட்டுவது இரண்டாவது தவறு. வேறுபாடு தரத்தில் இல்லை. பால் ரோமர் 1990-இல் தெளிவாக எடுத்துவைத்த வாதம் இது: ஒரு தொழிற்சாலையைப் போலவே இன்னொன்றைக் கட்ட வேண்டுமானால் இயந்திரங்களையும் ஆட்களையும் இரட்டிப்பாக்க வேண்டும், ஆனால் வடிவமைப்பை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒருவர் பயன்படுத்துவதால் இன்னொருவருக்குக் குறையாமல் இருப்பதே அறிவின் பண்பு. இயந்திரங்களையும் ஆட்களையும் மட்டும் இரட்டிப்பாக்கினாலே உற்பத்தி இரட்டிக்கும் என்றால், அவற்றோடு வடிவமைப்பும் மேம்படும்போது உற்பத்தி இரட்டிப்புக்கும் மேலாகக் கூடும். மேலே உள்ள சூத்திரத்தில் A-வை உழைப்பாளிகளின் எண்ணிக்கையால் வகுக்காமல் விட்டிருப்பதைக் கவனித்தால் இது புரியும். மூலதனம் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடப்படுகிறது, A பங்கிடப்படுவதில்லை.

இதையொட்டி ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது. திறமையும் அறிவும் ஒன்றல்ல. ஓர் அறுவை மருத்துவரின் கைத்திறன் ஒரே நேரத்தில் ஒரே அறையில்தான் இருக்க முடியும். அது அவரோடு பயணம் செய்கிறது, அவரோடு மறைகிறது. அவர் கையாளும் முறையின் விவரம் மட்டுமே எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் இருக்கக்கூடியது. கல்விக்கான செலவை எல்லாம் அறிவுப் பெருக்கம் என்று எழுதிவிடும் கட்டுரைகள் இவ்விரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகின்றன.

மூன்றாவது தவறு கணக்குப் பதிவில் நேர்கிறது, அதுவும் இரு திசைகளில். நமது எடுத்துக்காட்டில் உற்பத்தி 2-இலிருந்து 4 ஆனது. மூலதனத்தின் உயர்வை வருமானத்தில் அதன் பங்கால் பெருக்கிப் பார்க்கும் வழக்கமான வளர்ச்சிக் கணக்கீட்டு முறையைப் பயன்படுத்தினால், இந்த உயர்வில் மூன்றில் ஒரு பங்கு மூலதனத்தால் வந்தது என்று விடை கிடைக்கும். ஆனால் அந்த மூலதனம் 8-இலிருந்து 16 ஆனதே A உயர்ந்ததால்தான். சேமிப்பு விகிதம் இம்மியும் மாறவில்லை. பங்களிப்பு என்று எழுதப்படும் எண்ணைக் காரணம் என்று வாசித்தால் அறிவின் பங்கு குறைத்து மதிப்பிடப்படும். மறுதிசையில், 1909 முதல் 1949 வரையிலான அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து சோலோ 1957-இல் வெளியிட்ட புகழ்பெற்ற முடிவு இருக்கிறது. ஒரு மணிநேர உழைப்பின் உற்பத்தி ஏறத்தாழ இரட்டித்ததில் எட்டில் ஏழு பங்கு தொழில்நுட்ப மாற்றத்தைச் சேர்ந்தது என்றது அது. அந்த ஏழு பங்கும் ஆய்வகங்களில் பிறந்த அறிவு என்று எடுத்துக்கொள்வது சரியல்ல. அளக்கப்பட்ட மூலதனமும் உழைப்பும் போக மீந்தது அது. கல்வித்தர உயர்வும், வளங்கள் சிறந்த தொழில்களுக்கு இடம்மாறியதும், அளவைப் பிழைகளும்கூட அதற்குள் அடக்கம். மோசஸ் அப்ரமோவிட்ஸ் இத்தகைய மீதியை 1956-லேயே நம் அறியாமையின் அளவு என்று குறிப்பிட்டார். இன்றும் அது பொருத்தமான எச்சரிக்கைதான்.

கொள்கை வகுப்பவர்களை அதிகம் தடுமாற வைப்பது நான்காவது தவறு. ஒருவர் பயன்படுத்துவதால் அறிவு குறையாது என்பதிலிருந்து, அது தானாகவே எல்லோருக்கும் போய்ச் சேரும் என்று முடிவுகட்டுவது அது. டிரான்சிஸ்டரின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் அது பிறந்தது. 1952 ஏப்ரலில், உரிமத்துக்காக 25,000 டாலர் முன்பணம் செலுத்திய நிறுவனங்களின் பிரதிநிதிகளை அழைத்து, டிரான்சிஸ்டர் செய்யும் முறையை அந்நிறுவனம் பல நாட்கள் விளக்கியது; உற்பத்திக்கூடத்தையும் சுற்றிக்காட்டியது. பங்கேற்றவர்களுக்குக் கையில் தடித்த தொகுப்புகளும் கிடைத்தன.

பின்னாளில் சோனி என்று பெயர் மாற்றிக்கொண்ட டோக்கியோ நிறுவனம் இதே உரிமத்தைச் சற்றுத் தாமதமாகப் பெற்றது. உரிமமும் ஏடுகளும் மட்டும் போதவில்லை. 1954-இல் அதன் பொறியாளர் கசுவோ இவாமா அமெரிக்கா சென்று உற்பத்திக்கூடங்களைப் பார்வையிட்டு, பார்த்ததையும் கேட்டதையும் விடுதியில் அமர்ந்து படங்களோடு கடிதங்களாக எழுதி டோக்கியோவுக்கு அனுப்பினார். அந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு அங்கிருந்த குழு உபகரணங்களைத் தாமே செய்தது. வானொலிக்குத் தேவையான உயர் அதிர்வெண்ணில் டிரான்சிஸ்டர் ஒழுங்காக வேலை செய்யாதபோது, பாஸ்பரசைக் கலந்து பார்க்கும் வழியை அவர்களே சோதித்து வெற்றி கண்டார்கள். 1955-இல் அவர்களுடைய முதல் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. பாஸ்பரஸ் மிகுதியாகக் கலந்த மாதிரிகளை ஆராயும்போதுதான் அதே நிறுவனத்தின் லியோ எசாகி 1957-இல் சுரங்க டையோடு என்ற புதுவகைக் குறைகடத்திச் சாதனத்தைக் கண்டறிந்தார்; 1973-இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

அறிவுக் கசிவு என்று நாம் சொல்வது இதைத்தான். பெல் நிறுவனத்துக்கு 25,000 டாலர் கிடைத்தது உண்மை. ஆனால் எசாகியின் கண்டுபிடிப்புக்காக எவரும் பெல் நிறுவனத்துக்கு விலை கொடுக்கவில்லை. அதே நேரத்தில், கசிந்ததை ஏந்திக்கொள்ள மறுபுறத்தில் பயிற்சி பெற்ற ஆட்களும் சொந்த ஆய்வுக்கூடமும் தேவைப்பட்டன. தனக்கென்று ஆராய்ச்சி எதுவும் செய்யாமல் பிறருடைய கண்டுபிடிப்புகளை அள்ளிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடும் நிறுவனம் பொதுவாகக் காப்புரிமை ஆவணத்தில் உள்ளதைப் புரிந்துகொள்ளக்கூடத் தடுமாறும். காப்புரிமை ஒரு வடிவமைப்பின் பயன்பாட்டைத் தடுக்கலாம், அதைப் படித்து அடுத்ததைக் கண்டுபிடிப்பதைத் தடுக்காது என்ற வேறுபாட்டையும் இங்கே மனதில் கொள்ள வேண்டும். ரோமரின் மாதிரியில் முதலாவது பகுதி ஆராய்ச்சிக்கு ஊதியம் தருகிறது, இரண்டாவது பகுதி வளர்ச்சியை நீடிக்கச் செய்கிறது. கசிவை முழுவதும் அடைத்தால் இரண்டாவது போய்விடும். காப்பே இல்லாமல் செய்தால் முதலாவது போய்விடும்.

கடைசியாகச் சொல்லும் தவறைத்தான் நான் மிகவும் பெரிதாகக் கருதுகிறேன். அறிவைப் பயன்படுத்துவதில் விளைவு குறைவதில்லை என்பதை, அறிவைக் கண்டுபிடிப்பதிலும் விளைவு குறைவதில்லை என்று நீட்டிக்கொள்வது அது. ரோமரின் 1990 மாதிரியில் ஆராய்ச்சியாளர்களின் எண்ணிக்கை இரட்டித்தால் வளர்ச்சி வீதமும் இரட்டிக்க வேண்டும். சார்லஸ் ஜோன்ஸ் 1995-இல் தரவுகளோடு ஒப்பிட்டுக் காட்டியபடி, அமெரிக்காவில் ஆராய்ச்சியில் ஈடுபட்ட அறிவியலாளர்களும் பொறியாளர்களும் 1950-க்கும் 1980-களின் இறுதிக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மடங்காகப் பெருகினார்கள். வளர்ச்சி வீதம் அப்படி உயரவில்லை. கணினிச் சில்லுகளைப் பற்றி ஜோன்சும் மற்ற மூவரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் அருகிலிருந்து காட்டுகிறது. ஒரு சில்லில் உள்ள டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரட்டிப்பது பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்தது. அதே வேகத்தைத் தக்கவைக்க, 1970-களின் தொடக்கத்தில் தேவைப்பட்டதைப்போல 18 மடங்குக்கும் அதிகமான ஆராய்ச்சியாளர்கள் தேவைப்பட்டார்கள். அதாவது ஓர் ஆராய்ச்சியாளரின் விளைதிறன் பதினெட்டில் ஒன்றாகச் சுருங்கியது. கண்டுபிடித்த முறையோ உலகில் எத்தனை கோடி சில்லுகளுக்குப் பயன்பட்டாலும் இம்மியும் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

இதனால் வளர்ச்சிக் கணிப்புகளில் ஒரு நடைமுறை விளைவு உண்டு. வருமானத்தில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் பங்கை 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்தினால், ஜோன்சின் மாதிரியில் வளர்ச்சி சில காலம் வேகமெடுத்து, வருமானம் முன்பைவிட உயர்ந்த பாதைக்கு வந்தபின் பழைய வீதத்துக்கே திரும்பிவிடும். வேகத்தை நிரந்தரமாக்க அந்தப் பங்கை இரட்டித்துக்கொண்டே போக முடியாது, ஏனெனில் அது நூறு சதவீதத்தைத் தாண்ட வழியில்லை. நீண்டகால வீதத்தை அங்கே தீர்மானிப்பது ஆராய்ச்சியாளர்களின் எண்ணிக்கை உலகளவில் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பதே. அந்த எண்ணிக்கை ஒரே அளவில் நின்றுவிட்டால் புதிய அறிவு வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கும்.