பிரிகை அழுத்தத்தை அப்படியே Kp-இல் போடாதீர்கள்

மூடிய கலனில் அம்மோனியம் ஹைட்ரஜன் சல்பைடு சிதையும் கணக்கில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு.

NH4HS(s) ⇌ NH3(g) + H2S(g)

25°C-இல் பிரிகை அழுத்தம் சுமார் 0.66 அட்மாஸ்பியர். இது இரு வாயுக்களின் மொத்த அழுத்தம். Kp-க்கு வேண்டியது பகுதி அழுத்தங்கள். இரண்டும் சம மோல்களாக உருவாவதால் ஆளுக்குப் பாதி, 0.33. எனவே Kp = 0.33 × 0.33, அதாவது ஏறத்தாழ 0.11. திண்மம் கோவையில் வராது.

அடுத்த கண்ணி: கலனில் முன்பே 0.5 அட்மாஸ்பியர் அம்மோனியா இருந்தால் இந்தப் 'பாதி' விதி செல்லாது. மனப்பாடமாக P²/4 எழுதுபவர்கள் மாட்டுவது இங்கேதான். H2S-இன் அழுத்தத்தை x எனக் கொண்டு x(0.5 + x) = 0.11 என்று எழுதித் தீர்த்தால் x சுமார் 0.165. மொத்த அழுத்தம் 0.83; ஆனால் சிதைந்த அளவோ முன்பைவிடப் பாதிதான்.

இன்னொன்று, கலனில் திண்மம் மிஞ்சியிருக்க வேண்டும். வெற்றிடமாக்கிய 1 லிட்டர் கலனில் 0.66-ஐ எட்டவே சுமார் 0.7 கிராம் சிதைய வேண்டும். அரை கிராம் மட்டும் போட்டிருந்தால் அது முழுதும் வாயுவாகிவிடும். அப்போது அளக்கும் அழுத்தம் பிரிகை அழுத்தமே அல்ல.