கடற்கரையில் பேசியதை அறைக்குள் மறுபடி பேசவைக்கும்போது நடக்கும் தவறுகள்

பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு குறும்படக் காட்சி எடுத்தோம். அண்ணன் தம்பியிடம் சொல்கிறான்: "அம்மாகிட்ட நீயே போய் பேசு, நான் வரமாட்டேன்." காற்றும் அலையும் சேர்ந்து, படப்பிடிப்பின்போதே பதிவான பேச்சொலியான பைலட் டிராக்கை விழுங்கிவிட்டன. அந்த ஒரு வரியை டப்பிங்கில் சரிசெய்ய நான் அரைநாள் செலவழித்தேன். அதில் பாதி என் தவறுகளுக்கே போனது.

முதல் தவறு, வரியின் தொடக்கத்தை மட்டும் பொருத்தியது. 'அ' சரியான ஃப்ரேமில் விழுந்துவிட்டால் மீதி தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஆனால் பார்ப்பவர் கண் 'அ'வைத் தேடுவதில்லை, உதடு மூடும் இடத்தைத்தான் தேடுகிறது. இந்த வரியில் உதடு முழுதாக மூடுவது நான்கு இடங்களில்: அம்மாவின் 'ம்மா', 'போய்', 'பேசு', வரமாட்டேனின் 'மா'. நடிகர் அறையில் 'நீயே'வைக் கொஞ்சம் இழுத்துவிட்டார். அதனால் 'போய்' மூன்று ஃப்ரேம் தள்ளி விழுந்தது. 24 ஃப்ரேம் வேகத்தில் அது நொடியில் எட்டில் ஒரு பங்கு. காதால் கேட்டால் ஒன்றுமே தெரியவில்லை, பார்த்தால் வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

உடனே முழு வரியையும் சாஃப்ட்வேரில் சுருக்கினேன். அது இரண்டாவது தவறு. 'போய்' சரியானது, அதற்கு முன் சரியாக இருந்த 'அம்மா' நகர்ந்துவிட்டது. குரலிலும் ஒரு தகர வாடை ஏறியது. செய்ய வேண்டியது வேறு: 'போய்' சொல்வதற்கு முன் உதடு மூடியிருக்கும் கணத்தில் சத்தமே வராது. வெட்டு அங்கே விழுந்தால் காதுக்குத் தெரியாது. 'நீயே'வின் இழுவையில் கொஞ்சம் எடுத்துவிட்டு, மீதியை அப்படியே முன்னால் நகர்த்தினால் போதும். 'ம'வில் இது நடக்காது. உதடு மூடியிருந்தாலும் மூக்கு வழியாகக் குரல் ஓடிக்கொண்டே இருப்பதால் வெட்டு கேட்கும். இன்னொன்று, எந்தப் பக்கம் நகர்த்துவது என்று சந்தேகம் வந்தால் ஒரு ஃப்ரேம் பின்னால் விடுங்கள். ஒளிக்குப் பிறகு ஒலி வருவது கண்ணுக்குப் பழக்கம். ஒலி முந்தினால்தான் சீக்கிரம் பிடிபடும்.

இந்த வெட்டுக்கெல்லாம் தேவையே வராமல் இருக்க, லூப்பை, அதாவது ஒரே தடவையில் பேசவைக்கும் துண்டை, சின்னதாக வைத்திருக்கலாம். நான் மூன்று வரியை ஒரே மூச்சில் பேசச் சொன்னேன். அது தவறு. ஒரு தடவைக்கு ஒரு வரி, அதற்கு முன் சம இடைவெளியில் மூன்று பீப், நான்காவது பீப் விழவேண்டிய இடத்தில் பேச்சு தொடங்கும். இந்தத் தாளம் பிடிபட்டதும் நடிகர் திரையைப் பார்த்துத் தடுமாறுவது குறைந்தது.

சரி, உதட்டோடு குரல் ஒட்டிவிட்டது. அப்புறமும் காட்சி நம்பும்படி இல்லை. காரணம் குரலின் உரம். கடற்கரையில் அவர் அலையை மீறிப் பேசினார், கழுத்து நரம்பு புடைத்திருப்பது ஃப்ரேமிலேயே தெரிகிறது. அமைதியான அறையில் உட்கார்ந்ததும் வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிட்டார். இதை வால்யூம் ஏற்றிச் சரிசெய்ய முடியாது. உரக்கப் பேசும் குரலின் நிறமே வேறு. எழுந்து நிற்கவைத்து, ஹெட்ஃபோனில் அலைச்சத்தத்தை ஓடவிட்டு, நான் ஏழெட்டு அடி தள்ளி நின்று "எனக்குக் கேட்கணும்" என்றேன். இரண்டாவது டேக்கிலேயே அந்த அண்ணன் திரும்பி வந்துவிட்டான். ஹெட்ஃபோன் காதை முழுதாக மூடுவதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அலைச்சத்தம் கசிந்து மைக்கில் ஏறிவிடும்.

மைக் வைத்த இடமும் தவறுதான். வாய்க்கு அரையடியில் வைத்தால் வானொலி அறிவிப்பாளர் குரல் வரும், அதைக் கடற்கரையில் நிற்கும் ஆளோடு ஒட்டவைக்க முடியாது. படப்பிடிப்பில் கம்பில் பிடித்த பூம் மைக் எங்கே இருந்ததோ அதை ஒட்டி, நெற்றிக்கு மேலே இரண்டு மூன்று அடி தள்ளி, வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். அவ்வளவு தள்ளி வைக்கும்போது அறையின் எதிரொலி சேரும். இங்கேதான் 'அமைதியான அறை' ஏமாற்றுகிறது. வெளிச்சத்தம் இல்லாத அறையும் வெறும் சுவரோடு இருந்தால் டப்பாவுக்குள் பேசுவது போலக் கேட்கும். திறந்தவெளியில் திரும்பி வரும் ஒலி ஏறக்குறைய இல்லை. எதிரொலியைப் பிறகு சேர்ப்பது சுலபம், பதிவான எதிரொலியைச் சுத்தமாக எடுப்பது மிகக் கடினம். ஒரு தட்டு கைதட்டிப் பாருங்கள். தட்டு நின்ற பிறகும் வால் போல எதிரொலி நீண்டால், நடிகருக்குப் பின்னாலும் இருபக்கமும் தடித்த போர்வை தொங்கவிடுங்கள்.

கடைசியாக, மூன்று வரியைப் பேசவைத்தும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிவிட்டு அதே அண்ணனின் அடுத்த இரண்டு வரிகளைப் படப்பிடிப்பு ஒலியிலேயே விட்டிருந்தேன். ஒவ்வொரு வெட்டிலும் ஆள் மாறியது போல இருந்தது. அந்தக் காட்சியில் அவர் பேசிய எல்லாவற்றையும் மறுபடி பதிந்து, பேச்சில்லாமல் தனியாக எடுத்துவைத்திருந்த அலைச்சத்தத்தை அடியில் இடைவிடாமல் ஓடவிட்ட பிறகுதான் தையல் மறைந்தது.