"யோசித்துச் சொல்கிறேன்" என்றால் எத்தனை நாள் காத்திருப்பது?

மனத்தில் இருந்த காதலை ஒருவரிடம் சொல்லிவிட்டீர்கள். "யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்திருக்கிறது. இதைச் சம்மதத்தின் முதல் படியாக எண்ண வேண்டாம். மறுப்பாகவும் முடிவு கட்ட வேண்டாம். அந்த வாக்கியத்தோடு வேறு என்ன வந்தது என்று பாருங்கள். "பரீட்சை முடியட்டும், பேசலாம்" என்று ஒரு கெடு வந்தாலோ, உங்களிடம் ஏதேனும் கேள்வி கேட்டாலோ, உண்மையிலேயே யோசிக்கிறார் என்று கொள்ளலாம். பேச்சை உடனே மாற்றியிருந்தால், முகத்துக்கு நேராக மறுக்கத் தயங்கியிருக்கலாம்.

அவரே நாள் குறித்திருந்தால் அதுவரை பொறுங்கள். குறிக்காவிட்டால் இரண்டு வாரம் போதும் என்பது என் கணக்கு. அந்த நாட்களில் வழக்கம்போல் பேசுங்கள், "யோசித்தாயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். என் தோழி ஒருத்தியிடம் ஒருவர் நான்காம் நாளே மூன்று முறை கேட்டார். தயக்கத்தில் இருந்தவள், நெருக்கடி தாங்காமல் மறுத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு முறை கேளுங்கள்: "அன்று சொன்னதைப் பற்றி உன் முடிவு எதுவானாலும் சொல்லலாம். வேண்டாம் என்றாலும் புரிந்துகொள்வேன்." மறுப்பதற்கு வழி திறந்திருந்தால்தான் உண்மையான பதில் வரும். (நேரில் கேட்பதைவிட எழுதி அனுப்புவது நல்லது, அவர் முகத்தை மறைக்க வேண்டியிருக்காது.)

அதற்குப் பிறகும் ஒரு வாரம் மௌனம் நீடித்தால், அல்லது மறுபடியும் கெடு இல்லாத "யோசிக்கிறேன்" வந்தால், மறுப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை கேட்பது தொந்தரவு. ஒரே இடத்தில் வேலை செய்பவர்கள் என்றால் இதில் இன்னும் கவனம் தேவை, ஏனெனில் அவரால் உங்களைத் தவிர்க்கவும் முடியாது.