பிளஸ் டூ இயற்பியல் தேர்வு: முந்தைய நாள் மாலையை எப்படிப் பிரிப்பது?

தமிழ்நாடு பிளஸ் டூ இயற்பியல் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். பதினொரு பாடத்தையும் ஒரே மாலையில் திருப்பிப் பார்க்க முடியாது, முயலவும் வேண்டாம்.

மாலை 5 மணி: பிரிப்பது (20 நிமிடம்)

புத்தகத்தைத் திறக்காமல் ஒரு தாளில் ஐந்து மதிப்பெண் வினாக்களின் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள். நன்றாகத் தெரிந்ததற்கு டிக், பாதி தெரிந்ததற்கு வட்டம், படிக்கவே இல்லாததற்குக் கோடு. இன்று மாலை வட்டம் போட்டவற்றுக்குத்தான். கோடு போட்டதை விட்டுவிடுங்கள். ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்துமே 'அல்லது' வைத்து வருபவை என்பதால் விட்டதற்கு மாற்று கிடைக்க வாய்ப்பு உண்டு. புதிதாக ஒரு தருவித்தலைத் தொடங்கினால் ஒரு மணி நேரம் போய்விடும், காலையில் அது நினைவில் நிற்பதும் சந்தேகம்.

5.20 முதல் 8 வரை: எழுதிப் பார்ப்பது

வாசித்துக்கொண்டே போனால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். வெற்றுத்தாளில் எழுதினால்தான் எங்கே தடுக்கிறது என்று தெரியும். மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் மின்புலத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் படம், பிறகு +q, −q இரண்டின் புலங்கள், பிறகு கூட்டல். பலர் நிற்கும் இடம் இதற்கு அடுத்த வரி: r >> a என்பதால் (r² − a²)² ≈ r⁴ என்று எடுத்து, p = 2qa என்று பிரதியிட்டால்தான்

E = (1/4πε₀)(2p/r³)

வரும். நின்ற வரியை மட்டும் புத்தகத்தில் பார்த்து, மூடிவிட்டு, அந்த வரியிலிருந்து தொடருங்கள். நடுவரைக்கோட்டுக்கு எழுதும்போது திசையைக் கவனியுங்கள்: அங்கே புலம் இருமுனைத் திருப்புத்திறனுக்கு எதிர்த்திசையில் இருக்கும். அந்தக் குறைக்குறி விட்டுப்போவது மிகச் சாதாரணம்.

ஒரு தருவித்தலுக்கு 15 நிமிடம், நடுவில் சின்ன ஓய்வு. இந்த நேரத்துக்குள் எட்டு முடிந்தால் போதும்.

8.30 முதல் 9.30 வரை: சிறியவை

சாப்பிட்டு முடித்ததும் புத்தகத்தின் பாடப் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்கள். வினாத்தாளில் இவை 15. விடையை மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், தவறியதை மட்டும் குறியுங்கள். கோடு போட்ட பாடங்களிலும் இதையும் வரையறைகளையும் பார்க்கலாம். பிறகு ஹால் டிக்கெட், இரண்டு பேனா, பென்சில், ஸ்கேல் எல்லாவற்றையும் பையில் வையுங்கள்.

10 மணி: தூக்கம்

படித்தது மூளையில் பதிவது தூக்கத்தில்தான். காலை 5.30க்கு அலாரம் வைத்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். மாலை 4 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரமாகும். தூக்கம் வராவிட்டாலும் விளக்கைப் போட்டுப் புத்தகத்தை எடுக்காதீர்கள், கண்ணை மூடிப் படுத்திருங்கள்.

காலையில் சூத்திரத் தாளும், இரவு குறித்துவைத்த ஒரு மதிப்பெண்களும் மட்டும்.